ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் விசா

சம்பந்தியம்மாளும் நானும் ஒரே வீட்டில் ஒரு நாள்கூடச் சேர்ந்து இருந்துவிடக் கூடாது என்பதில் எங்கள் மாப்பிள்ளை உறுதியாக இருந்தார். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அவர் விசா போட்டிருந்த தேதிகளைப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்காக வியட்நாமில் இருக்கிறார்கள். மகள் உண்டானதும், தலைப்பிரசவத்துக்கு இங்கே கம்பத்துக்கு வந்துவிடு என்று சொன்னேன். ரத்த அழுத்தம் இருக்கிறது, விமானம் ஏற வேண்டாம் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். சரி, பிள்ளை வரவில்லை என்றால் பெற்றவள் போக வேண்டியதுதான்.

அந்த நாட்டுக்கு இணையத்திலேயே விசா வாங்கிக்கொள்ளலாம். உள்ளே வரும் தேதி, வெளியே போகும் தேதி இரண்டையும் நாமேதான் கேட்க வேண்டும். அதிகபட்சம் தொண்ணூறு நாள். கேட்ட தேதியைக் காகிதத்தில் போட்டுத் தருவார்கள். அதற்கு முந்தின நாள் போய் இறங்கினால் உள்ளே விட மாட்டார்கள். கடைசித் தேதி தாண்டி இருந்தால் அபராதம். நான் உரக்கடைக்காரி. பூச்சிமருந்து டப்பாவில் இரண்டு தேதி பார்த்துப் பழகியவளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை போட்ட கணக்கு இது. பிரசவம் நெருங்கும் வரைக்கும் அவருடைய அம்மா இருப்பார். அந்த அம்மாவின் விசா ஒரு சனிக்கிழமையோடு முடியும். என் விசா மறுநாள் ஞாயிறு தொடங்கும். அதற்கடுத்த சில நாளில் டாக்டர் குறித்த தேதி. சம்பந்தியம்மாள் சனிக்கிழமை சாயங்காலம் கொச்சியில் இறங்குவார். என்னைக் கொண்டுபோய் விடும் கார் அவரை ஏற்றிக்கொண்டு அவர் ஊரான போடிக்குத் திரும்பும். நான் நள்ளிரவு தாண்டி ஏறி ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அங்கே போய் இறங்குவேன். இரண்டு மாமியார், ஒரு கார் வாடகை. ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பிள்ளை இல்லையா, எதையும் வீணாக்க மாட்டார்.

எனக்கும் சம்மதம்தான். கல்யாணப் பந்தியில் எங்கள் வீட்டுப் பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “தண்ணியா இருந்தாத்தான் வயித்துக்கு நல்லது” என்று சொன்னவர் அந்த அம்மாள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. இதை மட்டும் வைத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் பக்கம் தொப்புள்கொடி விழுந்த பிறகு குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். முதல் தண்ணீர் அம்மாச்சி கையால்தான். என் மகளுக்கு என் அம்மா ஊற்றினார். என் பேரப்பிள்ளைக்கு நான் ஊற்ற வேண்டும். வேறு எதற்கும் நான் தொண்ணூறு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போக மாட்டேன்.

பேத்திக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரம் முன்னாடியே, ஒரு வியாழக்கிழமை பிறந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் நலம் என்று கேட்டதும் அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அழுது முடித்ததும் நாள்காட்டியைப் பார்த்தேன். என் விசா தொடங்கப் பத்து நாள் இருந்தது. கொடி விழ அவ்வளவு நாள் எடுக்காது.

தேனியில் எங்களுக்கு டிக்கெட் போட்டுத் தந்தவரிடம் போனேன். பொறுமையானவர்.

“டிக்கெட்ட மாத்திரலாங்க்கா. கொஞ்சம் பணம் சேத்துக் கட்டணும், அம்புட்டுத்தான். விசா தேதிய மாத்த முடியாது.”

“எம் பேத்தி பெறந்துட்டா.”

“சந்தோசம். ஆனா கொச்சியில ஏத்தவே மாட்டாக. கவுண்டர்லயே தேதியப் பாத்து நிப்பாட்டிருவாக.”

“பெத்த தாயின்னு சொன்னா?”

“தாயா பிள்ளையான்னு அதுல கேக்கலைக்கா. தேதிதான் போட்டிருக்கு.”

வேறு தேதி வேண்டுமென்றால் முதலிலிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், திரும்பப் பணம் கட்ட வேண்டும். மூன்று வேலை நாள் என்பார்கள், சில சமயம் அதற்கு மேலும் இழுக்கும். சனியும் ஞாயிறும் கணக்கில் வராது. போதாக்குறைக்கு அடுத்த வாரம் அந்த நாட்டில் அரசு விடுமுறை. “வந்தாலும் வரும், வராட்டி ஒங்க பணம் போச்சு” என்றார். விண்ணப்பித்துவிட்டு வந்தேன். கோபத்தில் செய்கிற காரியத்துக்கெல்லாம் பணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

இதற்குள் எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் விசாவை நீட்டித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டால்? டிக்கெட்காரரையே மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். கடைசி நேரத்தில் அது லேசில் நடக்காது, சனிக்கிழமைக்குள் வெளியேறித்தான் ஆக வேண்டும் என்றார். அந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

தினமும் வீடியோவில் பேசினோம். சம்பந்தியம்மாள் மடியில் குழந்தை. குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த அம்மாளின் கையைப் பார்ப்பேன். எண்ணெய்ப் பளபளப்பு தெரிகிறதா என்று.

எட்டாம் நாள் அவரே சொன்னார். “மதினி, கொடி விழுந்துருச்சு.”

“நல்லது” என்றேன்.

தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார். ராத்திரி என் வீட்டுக்காரரிடம், “ஊத்தியிருப்பாக. கையில கெடச்ச பிள்ளைய யாரு விடுவா?” என்றேன். “ஊத்தட்டுமே, தண்ணிதானே” என்றார். அன்றைக்கு அவருக்கும் எனக்கும் பேச்சு நின்றது.

சனிக்கிழமை வாடகைக் காரில் கிளம்பினேன். கூடலூர் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது போனில் மணி அடித்தது. நேற்றே போட்ட புது விசா இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது, இனி அதற்கு வேலை இல்லை. டிரைவர், “நல்ல சேதியா ஆத்தா?” என்று கேட்டார். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

கொச்சியில் வெளியே வரும் வாசலில் நின்றேன். அந்த அம்மாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்று மாதத்தில் மெலிந்திருந்தார். என் கையில் இருந்த விசாக் காகிதத்தை முதலில் வாங்கிப் பார்த்தார்.

“நாளைக்கிருந்துதான? நல்லாப் பாத்துக்கிட்டீகளா?”

“பாத்தேன்.”

“எனக்கு இன்னைக்கோட தீந்துருச்சு.” காகிதத்தைத் திருப்பித் தந்தார். “பிள்ளைக்குத் தொடைச்சு மட்டும்தான் விட்டிருக்கேன் மதினி. தலைக்கு ஊத்தல.”

நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“ஒங்க மகதான் கேட்டா, கொடி விழுந்துருச்சே, நீங்களே ஊத்துங்கத்தைன்னு. எனக்கு ரெண்டும் ஆம்பளப் பிள்ளைக. அம்மாச்சியாகுற கொடுப்பின எனக்கு இல்ல. ஒங்களுக்கு இருக்கு, நானெதுக்கு அதுல கை வைக்க?”

அந்த இடத்திலேயே அழுதேன். விமான நிலையத்தில் அழுகிறவளைப் பார்த்து யாரும் காரணம் கேட்பதில்லை. அது ஒரு வசதி. அந்த அம்மாளும் முந்தானையை எடுத்தார். பத்து நாளாக அந்தக் குழந்தையைத் தூக்கிச் சுமந்தவர். இனி எப்போது பார்ப்பாரோ, அதற்கும் ஒரு விசா வர வேண்டும்.

கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கினார்.

“வெந்நிய கை வச்சுப் பாத்து ஊத்துங்க. அவளுக்குச் சூடு ஆகாது. இளஞ்சூடு போதும். அழ ஆரம்பிச்சா வலது தோள்ல போடுங்க, எடது தோள் பிடிக்காது.”

என் பேத்தியைப் பற்றி எனக்குத் தெரியாத அத்தனையும் சொல்லிவிட்டுப் போடிக்குப் போனார். திங்கட்கிழமை காலை வெந்நீரை முழங்கையில் விட்டுப் பார்த்து ஊற்றினேன். குழந்தை அழுதது. வலது தோளில் போட்டேன், நிறுத்திவிட்டது.