மூடி திறக்காத கெட்டில்

அலுவலகத்தில் அவளுக்கு வேவுக்காரி என்று பெயர். மின்சாரக் கெட்டில் செய்யும் கம்பெனியில், வாங்கியவர்களின் வீட்டுக்கே போய் அடுப்படி ஓரம் நின்று பார்த்து, படம் பிடித்து வருவது அவள் வேலை. அதற்கு முன் வெகுகாலம் அங்கேயே போனில் புகார் கேட்டவள். புகார் சொல்பவர்கள் கொஞ்சம் பேர்தான், மற்றவர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டு வாயைத் திறப்பதே இல்லை என்பது அவளுக்கு அப்போதே உறைத்திருந்தது.

புது மாடலுக்காகக் கம்பெனி ஊரெல்லாம் கருத்துக் கேட்டது. "நல்லாத்தான் இருக்கு, வேற கலர் இருந்தா தேவல" என்றே எல்லாரும் சொன்னார்கள். வேவுக்காரி வேறு ஆட்களைத் தேடிப் போனாள்: மூச்சுவிட நேரமில்லாதவர்களையும், மிகவும் வயதானவர்களையும்.

முதலில் ஒரு நர்ஸ். இரவு வேலை முடிந்து வந்து, இடுப்பில் குழந்தையும் காதில் போனுமாக நின்றவள், ஒற்றைக் கையால் குழாயைத் திறந்து கெட்டிலின் மூக்கு வழியாகவே தண்ணீர் பிடித்தாள். மூடியைத் தொடவே இல்லை.

"மூடியத் திறக்க மாட்டீங்களா?"

"அதுக்கு இன்னொரு கை வேணுமே, அக்கா" என்று சிரித்தாள் நர்ஸ்.

அடுத்து, தனியாக இருந்த ஒரு பழைய சர்வேயர். தொண்ணூறைத் தாண்டியவர். அவரும் மூடியைத் திறக்கவில்லை. டம்ளரில் மொண்டு, நடுங்கும் கையோடு மூக்கு வழியாகவே ஊற்றினார். கொதித்த பிறகு கெட்டிலைத் தூக்காமல் மேடையின் விளிம்பு வரை நகர்த்தி, கீழே பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்த டம்ளருக்குள் சாய்த்தார். பாதி வெளியே போயிற்று. உதவப் போன கையை வேவுக்காரி கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள். குறுக்கே போனால், அவர் தனியாக என்ன செய்வார் என்பது தெரியாமலே போய்விடும்.

அப்போதுதான் அவர் சட்டைக் கை மேலேறி, மணிக்கட்டில் ஆறாத கொப்புளம் தெரிந்தது. சட்டென்று இழுத்து மூடினார்.

"பொண்ணுகிட்ட சொல்லிடாதம்மா. சொன்னா அடுப்படிப் பக்கமே விட மாட்டா. முதியோர் ஹோம்ல கொண்டுபோய் விட்டுருவா."

"சொல்லமாட்டேங்கய்யா." முகம் தெரியாமல்தான் படத்தைக் காட்டுவோம் என்றும் சொன்னாள்.

மீட்டிங்கில் மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "தொண்ணூறு வயசுல எத்தன பேரும்மா கெட்டில் வாங்கப் போறாங்க?"

"அவங்களுக்கு மட்டும் விக்கிறதுக்கு இல்ல சார். நமக்கு லேசா உறுத்துறது அவங்களுக்குப் பொறுக்க முடியாம போகுது. அதனாலதான் கண்ணுக்குத் தெரியுது."

அது வெறும் ஊகமாக இருக்கக் கூடாதென்று, குறையே இல்லை என்று எழுதிக்கொடுத்த சாதாரண வீடுகளுக்கும் போனாள். அங்கேயும் பெரும்பாலோர் மூக்கு வழியாகத்தான் தண்ணீர் பிடித்தார்கள். உள்ளே உப்புப் படிந்திருந்தது. மூடியின் பொத்தான் மட்டும் கடையில் இருந்த பளபளப்பு குறையாமல் இருந்தது. கேட்டால், "இதெல்லாம் ஒரு குறையா?" என்றார்கள்.

மேனேஜர் இறங்கி வந்தார். ஒற்றைக் கையால் நிரப்ப அகலமான மூக்கு, தூக்காமலே சாய்த்து ஊற்ற ஒரு தாங்கி என்று வேலை தொடங்கியது. மாதிரிக் கெட்டில் கைக்கு வந்ததும் சர்வேயரிடம் காட்ட ஓடினாள். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் மகளின் நம்பரை வாங்கிப் பேசினாள்.

"அப்பாவுக்கு வெந்நீர் கொட்டி தொடையெல்லாம் வெந்துபோச்சுங்க. இப்ப ஹோம்ல இருக்காரு" என்ற மகள், சற்று நிறுத்திக் கேட்டாள்: "நீங்க வந்தப்பவே அவரு கையில காயம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"படம் புடிச்சீங்களா?"

"ஆமா."

மகள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகப் போனை வைத்துவிட்டாள்.

ஹோமில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காயம் ஆறியிருந்தது. மாதிரியை மடியில் வைத்து, தாங்கியில் முன்னும் பின்னுமாகச் சாய்த்துப் பார்த்தார். கை நடுங்கினாலும் கெட்டில் ஆடவில்லை.

"நல்லா பண்ணிருக்கீங்கம்மா."

"உங்ககிட்டயே இருக்கட்டுங்கய்யா."

"ரூம்ல கரண்ட் சாமான் வைக்க விடமாட்டாங்க." திருப்பிக் கொடுத்தார். "வேளாவேளைக்கு டீ வந்துருது. குறை ஒண்ணுமில்ல."

அந்தக் கடைசி வார்த்தையை எத்தனையோ வீடுகளில் கேட்டவள் அவள்.

"சொல்லியிருக்கணுங்கய்யா நான். உங்க பொண்ணுகிட்ட."

"சொல்லியிருந்தா அப்பவே இங்க வந்திருப்பேன்" என்றார் அவர். "கொஞ்ச நாளாவது என் கையால போட்டுக் குடிச்சேன்ல?"

அது ஆறுதலா, குத்தலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கெட்டிலைப் பையில் திணித்துக்கொண்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.