மூச்சு நிதியில் மிச்சம்

பேரணாம்பட்டில் நவநீதனைப் பற்றி விசாரித்தால், "அவரா? சுத்தமான மனுஷன்" என்பார்கள். அதே வாயால், "பேஜார் புடிச்ச ஆளும்கூட" என்றும் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஊர் நலச் சங்கத்தின் கணக்கைப் பார்க்க வந்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நமக்கெல்லாம் பழமொழி. நவநீதன் அளந்து போட்டுவிட்டு ஆற்றிடம் ரசீதும் கேட்பார்.

அப்படி ஒருவர் சங்கத்துக்குத் தேவைப்பட்டது. அவர் வருவதற்கு முன்னால், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று ஒருவர் கொடுத்த நன்கொடையில் சங்கம் நடத்தும் மருத்துவ நிலையத்தின் ஒழுகும் கூரையைச் சரிசெய்துவிட்டார்கள். யாரும் திருடவில்லை, மழை வந்தது, அவ்வளவுதான். ஆனால் கொடுத்தவர் வந்து, "எந்தப் புள்ள படிச்சுது?" என்று கேட்டபோது கூரையைத்தான் காட்ட முடிந்தது. ஊர் முழுக்கச் சிரித்தது. நன்கொடையும் நின்றது.

சங்கத்தின் செயலாளர் வக்கார் அகமது ஷூவின் மேல்பாகம் தைக்கும் சின்ன யூனிட்டுக்கு முதலாளி. அவர் நேராக நவநீதனின் வீட்டுக்கே வந்தார். "எதுக்குக் குடுத்தாங்களோ அதுக்குத்தான் போவணும், சார். நீங்க வந்து உக்காருங்க, போதும்."

நவநீதன் உட்கார்ந்தார். பொதுவாக வரும் நன்கொடை ஒரு பக்கம். 'இன்னதற்கு மட்டும்' என்று சொல்லி வருவது வேறு பக்கம், தனிப் பெயரில் தனி நிதி. அப்படி வந்ததை வந்த அன்றே வருமானமாகக் காட்ட மாட்டார். அந்தக் காரியத்துக்குச் செலவான பிறகு, செலவான அளவுக்கு மட்டும் நிதியிலிருந்து எடுத்து, அந்தச் செலவுக்கு எதிரே வரவாக வைப்பார். மிச்சம் அப்படியே அடுத்த ஆண்டுக்குப் போகும். சங்க ஊழியர்களின் சம்பளத்துக்கே தட்டுப்பாடு என்றாலும் அதைத் தொட விடமாட்டார். ஒவ்வொரு செலவுச் சீட்டோடும் அது கொடுத்தவர் சொன்ன காரியத்துக்குத்தான் போனது என்பதற்கு ஒரு சான்று இருக்க வேண்டும்.

அந்த நம்பிக்கையில்தான் பெங்களூரிலிருந்து சைரா என்ற பெண் நன்கொடை அனுப்பினாள். அவளுடைய அப்பா இந்த ஊர்த் தோல் தொழிற்சாலையில் ரசாயனத் தொட்டியருகே வேலை செய்து, மூச்சு முட்டியே இறந்துபோனவர். 'தோல் தொழிற்சாலையில் வேலை செய்து மூச்சு பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆக்சிஜன் மிஷின் வாங்கிக் கொடுக்க' என்று எழுதியிருந்தாள். நவநீதன் அதற்கு 'மூச்சு நிதி' என்று பெயர் வைத்தார். டாக்டர் சீட்டும் தொழிற்சாலை அடையாள அட்டையின் நகலும் கொண்டு வந்தவர்களுக்கு மிஷின்கள் போய்ச் சேர்ந்தன. இன்னொன்று வாங்கும் அளவுக்கு நிதியில் மிச்சம் இருந்தது.

அப்போதுதான் ரத்தினசாமி வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர். அவருடைய மனைவி கெங்கம்மாள் கல்யாணமான நாளிலிருந்து பீடி சுற்றியவள். புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்கி, படுத்தால் மூச்சு வராமல் உட்கார்ந்தே தூங்கினாள். வீட்டில் ஆக்சிஜன் வைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"தோல் ஃபேக்டரி கார்டு இருக்குதா?" என்று நவநீதன் கேட்டார்.

"அவ பீடி சுத்தறவ, சார்."

பொது நிதி வறண்டு கிடந்தது. வக்கார் அகமது நவநீதனைத் தனியே அழைத்தார். "நம்ம யூனிட்ல வேலை செஞ்சதா நானே ஒரு லெட்டர் குடுத்துடறேன். முடிச்சி விடுங்க, சார்."

"பொய் லெட்டரா, பாய்? நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து கேட்டா இன்னா சொல்லுவீங்க? கூரை விவகாரம் மறந்து போச்சா?"

நவநீதன் வெளியே வந்து ரத்தினசாமியிடம் பதமாகவே சொன்னார். "அது தோல் தொழிலாளிங்களுக்குன்னு ஒருத்தர் குடுத்தது. வேற யாருக்கும் குடுக்க வழியில்ல. பொதுவுல ஏதாவது வந்தா மொத பேரு உங்களுதுதான்." ரத்தினசாமி கும்பிட்டுவிட்டுப் போனார். பொய்க்கு இடம் கொடுக்கவில்லை என்ற திருப்தியோடு நவநீதன் அன்று நன்றாகவே சாப்பிட்டார்.

பொதுவில் ஒன்றும் வரவில்லை. மாசி பிறப்பதற்குள் கெங்கம்மாள் போய்விட்டாள்.

ஆண்டுக் கணக்கு முடிந்தது. ஆடிட்டர், "இவ்ளோ சுத்தமா தனி நிதி வெச்சிருக்கிற சங்கத்த நான் பாத்ததில்ல" என்று புகழ்ந்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரம் சைராவே நேரில் வந்தாள். நவநீதன் கணக்கை விரித்து வைத்தார். வந்தது, மிஷின்களுக்குப் போனது, மிச்சம், எல்லாம் கண்ணாடிபோல் இருந்தது. அவள் விரல் கடைசி வரியில் நின்றது.

"மிச்சம் இருக்கே, சார். ஆளு கெடைக்கலையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் போயிருப்பாள். ஆனால் பொய் சொல்லிப் பழகாத நாக்கு. கெங்கம்மாளைப் பற்றிச் சொன்னார். சைரா நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பா அங்க வேல செஞ்சாரு, அதனால அப்டி எழுதினேன். பீடி சுத்தறவங்களும் மனுஷங்கதானே, சார்? எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா, தாராளமா குடுங்கன்னு எழுதி அனுப்பியிருப்பேனே. என் நம்பர்தான் உங்ககிட்ட இருந்துதே."

இருந்தது. ரசீது அனுப்பியதே அந்த எண்ணுக்குத்தான். கொடுத்தவர் எழுத்தில் சம்மதித்தால் நிபந்தனையை மாற்றலாம் என்பதும் நவநீதனுக்குத் தெரியாதது அல்ல. பொய்க் கடிதத்துக்கும் கைவிரிப்புக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு நேர்வழி இருந்தது, அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? மறுப்பது அவருக்குச் சுகமாக இருந்தது. மறுக்கிறவன்தான் நேர்மையானவன் என்று ஊர் சொல்லிச் சொல்லி அவரும் நம்பிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, இவர் சாமியிடம் கேட்கவே இல்லை.

மூச்சு முட்டும் யாருக்கும் கொடுக்கலாம் என்று சைரா அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நவநீதன் அதை வாங்கிக் கோப்பில் வைத்தார். அவள் கிளம்பிய பிறகு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ரத்தினசாமியின் வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த ரத்தினசாமி கோடரியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க சார்" என்று முக்காலியை நகர்த்திப் போட்டார். நவநீதன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வழி இருந்தது, ஒரு போன் செய்தால் போதும், நான் செய்யவில்லை, தப்பு என்மேல்தான் என்று ஒப்புக்கொண்டார். கன்னத்தில் அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்துத்தான் வந்திருந்தார்.

ரத்தினசாமி பிளந்த விறகை எடுத்துச் சுவரோரம் அடுக்கினார்.

"செயலாளர் பாய் அப்பவே வூட்டுக்கு ஆள் அனுப்பினாரு, சார். அவ தன் யூனிட்ல வேல செஞ்சதா லெட்டர் தரேன், வாங்கினு போயி உங்ககிட்ட இன்னொரு தபா கேட்டுப் பாருன்னாரு. நான் கெளம்பிட்டேன். அவதான் வுடல. 'நவநீதன் சாரே வழியில்லன்னு சொல்லிட்டாருன்னா நெசமாவே வழியில்லதான்யா. அவர் நாயமான ஆளு. இன்னொருத்தர் பொருளுக்கு ஆசப்படக் கூடாது'ன்னுட்டா."