இன்னும் இரண்டு ஆசனங்கள்

பிரதேச செயலகத்தில் என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் ஓர் எழுத்து பிழையாக இருந்தாலும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அடையாள அட்டையை மேசையில் வைத்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கையொப்பமிடுவேன். ஜெயபுரத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை கண்டவள் நான் ஒருத்திதான். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதம், மருந்துப் பெட்டியின் சீட்டு, கைபேசியில் வரும் செய்தி எல்லாம் என் கைக்குத்தான் வரும். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போனவர். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு முகாமிலேயே அவருடைய வாழ்க்கை கழிந்தது. அக்காவும் தங்கையும் கைபேசித் திரையில் மட்டுமே ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போன வருடம் பெரியம்மாவின் ஈரலில் நோய் வந்தது. அம்மாவுக்குக் கடவுச்சீட்டு எடுத்தோம். அதற்கும் விசாவுக்கும் உரிய படிவங்களைக் கிளிநொச்சியில் ஒரு கடைக்காரரே நிரப்பிப் போட்டுக் கொடுத்தார். விசா வந்த மறுநாள் பெரியம்மாவின் மகள் அழைத்தார்.

"சித்தி, வாறதெண்டா இந்தக் கிழமைக்குள்ள வாங்கோ. அம்மா உங்களைத்தான் கேட்டுக்கொண்டு இருக்கிறா."

அம்மா அழவில்லை. உடனே குசினிக்குள் போய், காயப்போட்டிருந்த மோர்மிளகாயை ஒரு பையில் கட்டத் தொடங்கினார். அக்கா கேட்ட ஒரே பொருள் அதுதான்.

நான் கைபேசியை எடுத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். பலாலியிலிருந்து திருச்சி, வெள்ளிக்கிழமை. டிக்கெட் விற்கும் ஓர் இணையத்தளத்தில் விலை மற்றவற்றைவிடக் குறைவாக இருந்தது. அழுத்தினேன். மேலே சிவப்பில் பத்து நிமிடக் கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓடத் தொடங்கியது. அதன் கீழே, 'இந்த விலையில் இன்னும் 2 ஆசனங்கள் மட்டுமே' என்று இருந்தது. பதினான்கு பேர் இதே விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் இருந்தது.

அந்தப் பதினான்கு பேரை நான் நம்பினேன். எங்கோ பதினான்கு பேர் விரலை நீட்டிக்கொண்டு, அம்மாவின் ஆசனத்தைப் பறிக்க நிற்பதாகவே எனக்குத் தோன்றியது.

"என்னடி வியர்க்குது உனக்கு?" என்றார் அம்மா.

"கதைக்காதேங்கோ அம்மா. நேரம் ஓடுது."

அடுத்த பக்கத்தில் காப்புறுதி, விருப்பமான ஆசனம், குறுஞ்செய்திச் சேவை என்று எல்லாப் பெட்டிகளிலும் முன்கூட்டியே சரி போட்டிருந்தது. இரண்டை எடுத்துவிட்டேன். 'கவலையற்ற பயணம்' என்ற காப்புறுதியை மட்டும் விட்டுவைத்தேன். ஏதாவது பிழையானால் அது காப்பாற்றும் என்று நினைத்தேன். அதன் விவரத்தைத் திறந்து வாசிக்க நேரமில்லை. சிவப்பில் நான்கு நிமிடம் சொச்சம்தான் இருந்தது.

பிறகு பெயர். முதற்பெயர் ஒரு பெட்டி, குடும்பப் பெயர் ஒரு பெட்டி.

"பொறு பிள்ளை, பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு வாறன். றங்குப்பெட்டிக்குள்ள இருக்கு."

"வேண்டாம், வேண்டாம். நீங்கள் பெட்டித் திறப்பைத் தேடுறதுக்குள்ள சீட் போயிடும். உங்கட பேர்கூடவா எனக்குத் தெரியாது?"

கடவுச்சீட்டு இலக்கத்தை அந்தப் பக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெட்டியைத் திறந்திருப்போம். பள்ளிக்கூடப் படிவங்களில் தாயின் பெயர் என்ற இடத்தில் நான் எப்போதும் எழுதியதையே எழுதினேன்: அம்மாவின் பெயர், அதற்குப் பின்னால் அப்பாவின் பெயர். பணம் போனது. சிவப்பு எண்கள் மறைந்தன. ஏதோ ஓட்டப் போட்டியில் வென்றவள்போல் எழுந்து நின்றேன்.

"எடுத்திட்டியே?" என்றார் அம்மா. "என்ர பிள்ளையெண்டா சும்மாவே!"

வெள்ளிக்கிழமை விடிய, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடக்கும்போது அம்மா மிளகாய்ப் பையை மடியில் வைத்திருந்தார். பலாலியில் கருமபீடத்துப் பெண், என் வயதுதான் இருக்கும், கடவுச்சீட்டையும் டிக்கெட்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அக்கா, இதில குடும்பப் பெயர் வேற ஆக்கள்ட பெயரா இருக்கு."

"அது அப்பான்ர பேர்" என்றேன்.

"பாஸ்போட்டில அப்பிடி இல்லையே."

கடவுச்சீட்டில் இருந்தது தாத்தாவின் பெயர், அம்மாவைப் பெற்றவருடையது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"எங்களுக்கு எழுதேல்லை, பிள்ளை."

கலியாணத்தைப் பதிவதைத்தான் எங்கள் பக்கத்தில் எழுதுவது என்போம். இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்த நாளில், ஒரு மரத்தடியில் மஞ்சள் கயிறு கட்டியதோடு அவர்களுடைய கலியாணம் முடிந்திருந்தது. எழுதுவதற்கு அங்கே யாரும் இல்லை. பிறகு அதை யாரும் நினைக்கவும் இல்லை. என் பிறப்புச் சான்றிதழை எத்தனையோ தடவை எடுத்தவள் நான். அதில் பெற்றோர் விவாகம் செய்தவரா என்ற இடத்தை ஒருநாளும் விரல் வைத்து வாசித்ததில்லை.

"ஓரெழுத்து, ரெண்டெழுத்தெண்டா கேட்டுப் பாக்கலாம், அக்கா. இது முழுப் பெயர். நான் ஒண்டும் செய்யேலாது." அவள் உண்மையிலேயே வருந்தினாள். அன்றைய விமானத்தில் வேறு இடமும் இருக்கவில்லை.

டிக்கெட் விற்ற தளத்துக்கு அங்கேயே நின்று எழுதினேன். இந்த விலையில் பெயர் மாற்ற முடியாது, புதிதாக வாங்குங்கள் என்று பதில் வந்தது. 'கவலையற்ற பயணம்' நோய் வந்து பயணம் நின்றால் மட்டும்தானாம்.

திரும்பி வரும்போது அம்மா என்னை ஏசவில்லை. பூநகரி தாண்டியதும் ஒரு தடவை சிரித்தார். "கொப்பருக்குச் சொல்லாத. தன்ர பேர் பிளேன் ஏறப் போனதெண்டு பெருமை அடிப்பார்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவர் வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார்: "நான் அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

புதிய டிக்கெட்டுக்குப் பணம் புரட்டிக்கொண்டு, மறுநாள் மத்தியானம் அதே பக்கத்தை மறுபடி திறந்தேன். சிவப்பில் பத்து நிமிடம். இன்னும் 2 ஆசனங்கள் மட்டுமே. அடுத்த கிழமையைப் பார்த்தேன், அங்கும் இரண்டு. அடுத்த மாதத்திலும் இரண்டு. கைபேசியைத் தொடாமல், எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சியம் வந்ததும், நேரம் முடிந்தது, புதுப்பிக்கவும் என்றது. அழுத்தினேன். அதே விலை. அதே இரண்டு ஆசனங்கள். மறுபடி பத்து நிமிடம்.

அதில் வாங்கவில்லை. விமான நிறுவனத்தின் தளத்திலேயே, கடவுச்சீட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டேன். புதன்கிழமைக்குத்தான் கிடைத்தது.

பெரியம்மா திங்கட்கிழமை காலமானார். தங்கச்சி வந்துகொண்டிருக்கிறாள் என்று கடைசிவரை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

புதன்கிழமை அம்மா போனார். எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவுவரை நின்றார். மோர்மிளகாயைப் பொரித்துப் படையலில் வைத்ததாகத் திரும்பி வந்து சொன்னார். அங்கே, மரணப் பதிவுத் தாளில் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் தங்கள் தகப்பனின் பெயரைப் பார்த்தாராம். "எங்க ரெண்டு பேருக்கும் மிஞ்சியிருந்தது அந்தப் பேர்தான்" என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரின் வடிவம் தெரியும்.

என்னால் மறைக்க முடியவில்லை. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிச் சொன்னேன்.

அம்மா சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார். "அப்ப அது முடிஞ்சிருந்தா சீட் போயிருக்காதே?"

"போயிருக்காதம்மா. திரும்பப் பத்திலயிருந்து ஓடியிருக்கும்."

அவர் கை கழுத்துக் கொடியில் தொங்கிய பெட்டிச் சாவிக்குப் போனது. "திறப்பு என்ர கொடியிலதானே பிள்ளை தொங்குது" என்றார். "எடுத்துக்கொண்டு வர எனக்கு ரெண்டு நிமிசம் காணும்."

அவ்வளவுதான் சொன்னார். கடவுச்சீட்டு இப்போது றங்குப்பெட்டிக்குள் இல்லை. தொலைக்காட்சிக்கு மேலே, கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கிறது. அம்மாவுக்குப் போக இனி ஓர் இடமும் இல்லை.