கேபிளோடு செய்த சோதனை

சாரம் பகுதியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். செயலிகளைச் சோதித்துக் குறை சொல்வது என் வேலை. அதனால் அங்கே எனக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது.

எதிர் மேசை நண்பர் தன் அப்பாவுக்காகவே ஒரு செயலி எழுதினார். அப்பாவுக்கு மறதி நோய். உழவர்கரையில் வீடு, தெருமுனை தாண்டினால் திரும்பத் தெரியாது. அவர் சட்டைப்பை ஃபோனில் செயலி பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்து, இருக்குமிடத்தை மகனுக்குக் காட்டும்.

சோதனையை நண்பரே முடித்துவிட்டார். எங்கள் தொழிலில் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. சார்ஜர் கேபிளைப் பிடுங்காமலே, பிடுங்கிவிட்டதாக ஃபோனை நம்பவைக்கும் ஒரு கட்டளை. உள்ளே மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். திரையில் பேட்டரி அளவு நின்ற இடத்திலேயே நிற்கும்.

"ஒரு பர்சன்ட் கூட எறங்கல" என்றார் பெருமையாக.

எனக்கு எரிச்சல் வந்தது. எப்படி இறங்கும்? கேபிளையும் வைஃபையையும் விட்டுவிட்டு, அப்பாவின் சிம்மைப் போட்டு வெளியே நடந்து பாருங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றார். ஃபோன் அதற்குள்ளாகவே அப்பாவின் சட்டைப்பைக்குப் போய்விட்டது.

அந்த ஞாயிறு வருவதற்குள் நடந்துவிட்டது. அம்மா மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் அப்பா கிளம்பியிருக்கிறார். மாலையில் அம்மா அழைத்த பிறகுதான் நண்பருக்குத் தெரிந்தது. வரைபடத்தில் புள்ளி அப்போதும் வீட்டின் மேலேயே இருந்தது. மறுநாள் காலாப்பட்டுக் கடற்கரை மணலில் அப்பாவின் உடலும், சட்டைப்பையில் அணைந்த ஃபோனும் கிடைத்தன. எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர், அந்தப் பெரியவர் மதியமெல்லாம் தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்து பிறகு பஸ் ஏறினார் என்று பிற்பாடு சொன்னார்.

காரியம் முடிந்து வந்த நண்பர் அப்பாவின் ஃபோனை என் மேசையில் வைத்தார். முறையாகச் சோதிக்கச் சொன்னார். முழுசாகச் சார்ஜ் ஏற்றி, பேட்டரியின் பழைய கணக்கை அழித்து, கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே உழவர்கரைத் தெருக்களில் நடந்தேன். சிக்னல் குறைந்த இடங்களில் தகவல் போய்ச்சேரவில்லை. போகாததையெல்லாம் செயலி முதலிலிருந்து திரும்பத் திரும்ப அனுப்பியது. அன்றைய டேட்டா தீர்ந்து வேகம் படுத்ததும் எதுவுமே போகவில்லை. அது ஓயாமல் முயன்று ஃபோனைத் தூங்கவே விடவில்லை. மதியத்துக்கு முன்பே ஃபோன் அணைந்துவிட்டது. வரைபடத்தில் புள்ளி மட்டும் கடைசியாகத் தகவல் வந்த இடத்திலேயே நின்றது. அது மாதிரி ஒரு சோதனையை வாழ்க்கையில் நான் வெறுத்ததில்லை.

எப்போது அணைந்தது என்று கேட்டார். சொன்னேன். ஜன்னல் வழியே எதிரே டீக்கடை பெஞ்சைப் பார்த்தார்.

"அன்னிக்கு அப்பா வீட்லதான் இருக்காருன்னு மேப்ப பாத்துட்டு, இங்கயே ஒக்காந்து சாப்ட்டேன்" என்றார்.