கோடி நூலும் துரையின் காலும்

துரையின் கால் போய்விட்டால் அது என் ஊசியால் போனதாகத்தான் இருக்கும். வித்துரா போகும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதை ஒன்றையே நினைத்துக்கொண்டு போனேன்.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பொன்முடிக் காடுகளில் செடி சேகரிக்க அமெரிக்கத் துரை ஒருவர் திருவனந்தபுரத்தில் வந்து தங்கியிருந்தார். என் கணவர் அவரிடம் டைப்பிஸ்ட். பாறையானாலும் சேறானாலும் மண்டியிட்டுத்தான் துரை செடி பார்ப்பார். அதனால் அவருடைய முரட்டு நீலக் கால்சட்டைகள் இரண்டும் முழங்காலில் நைந்து நூல் நூலாகியிருந்தன. ஜீன்ஸ் என்ற சொல்லையே அப்போதுதான் கேட்டேன். கம்பளி சாக்ஸ் ஆறு ஜோடி, அத்தனையிலும் அடியில் ஓட்டை. இரண்டுமே ஊரில் வாங்கக் கிடைக்காது. "என் மனைவி தைத்தால் தைத்த இடமே தெரியாது" என்று என் கணவர் வாயை விட்டுவிட்டு வந்தார். பெருமை அவருக்கு, வேலை எனக்கு.

மூட்டையை ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் இறக்கியபோதே எச்சரித்தார். வெள்ளைக்காரர் என்றால் எங்கள் ஊரில் சாயிப்பு.

"சாயிப்புக்குச் சர்க்கரை வியாதியாக்கும். பாதம் ரெண்டும் மரத்துப் போயாச்சு. ஷூக்குள்ளே கல்லு கிடந்தாலும் அறியமாட்டார். ஒரு கொப்புளம் வந்தாப் போதும், புரையோடிக் காலையே எடுக்க வேண்டிவரும்னு டாக்டர் சொல்லியிருக்கார். சாக்ஸுக்குள்ளே ஒரு முடிச்சுகூட இருக்கப்படாது, கேட்டியா?"

"எனக்குத் தெரியும். நீங்க டைப் அடிக்கறதைப் பாருங்கோ" என்றேன். அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும்.

வெளியிலிருந்து வந்த துணி என்பதால் முதலில் எல்லாவற்றையும் நனைத்து அலசினேன். முழங்காலுக்கு ஒட்டுப்போடப் புது நீலத் துணியும், சாக்ஸுக்குப் புதுக் கம்பளி நூலும் சாலை பஜாரிலிருந்து வந்தன. அவற்றையும் ஒரு தடவை நனைத்துவிடலாமா என்று வாளியருகே போனேன். மாமியார் விடவில்லை.

"கோடியை யாராவது நனைப்பாளோ? மஞ்சளைத் தொட்டு வெச்சுட்டுத் தை."

எங்கள் வீட்டில் புதுசு என்றால் அப்படித்தான். மூலையில் மஞ்சள் தடவி, தண்ணீர் படாமலே கட்டிக்கொள்வோம். எனக்கும் அது சரியென்றே பட்டது. வெள்ளைக்காரரின் முழங்காலுக்குப் போகிற துணியின் ஓரத்தில் மஞ்சள் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் சாக்ஸ் ஓட்டையை நூலோட்டி அடைக்கப் பழகியிருக்கிறேன். பியூஸான பல்பை உள்ளே விட்டு, ஓட்டையைச் சுற்றி அரை அங்குலம் தள்ளி நல்ல இடத்தில் தொடங்கி, முடிச்சே போடாமல் நெடுக நூல் ஓட்டினேன். பிறகு குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று பாய் முடைவதுபோல் முடைந்தேன். ஒவ்வொரு வரியின் திருப்பத்திலும் நூலைத் தளர்த்தி, வளையமாக ஒரு சின்னக் கண்ணி விட வேண்டும் என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புது நூல் தண்ணீர் பட்டால் சுருங்கும்; அந்தக் கண்ணிதான் இடம் கொடுக்கும். எனக்கோ அந்தக் கண்ணிகள் அசிங்கமாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் இழுத்து இறுக்கி நேராக்கினேன். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தால் வெண்ணெய்போல் இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆறு ஜோடி சாக்ஸும், ஒட்டுப்போட்ட ஒரு ஜீன்ஸுமாகத் துரையும் என் கணவரும் பொன்முடி அடிவாரத்தில் கல்லாற்று முகாமுக்குப் போனார்கள். இரண்டாவது ஜீன்ஸை நான் புதன்கிழமைதான் முடித்தேன். வியாழக்கிழமை காலையில் அதன்மேல் காப்பியைக் கொட்டினேன். வெந்நீரும் சோப்பும் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போட்டேன்.

மத்தியானம் எடுத்துப் பார்த்தால், ஒட்டு சுருங்கி, முழங்கால் சுருக்குப்பை வாய்போல் கூம்பியிருந்தது. தையல் போன வழியே பழைய துணி விரற்கடை நீளம் கிழிந்தும் இருந்தது. முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் வேலை! அப்புறம்தான் சாக்ஸ் நினைவுக்கு வந்தது. முகாமில் தினமும் வெந்நீரில் துவைத்துப் போடுவார்கள்.

மிச்சமிருந்த நூலில் ஒரு சாண் வெட்டி வெந்நீரில் முக்கினேன். அடுப்படியில் காயவைத்து மறுபடி அளந்தேன். ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது. திருப்பத்தில் கண்ணி இல்லாத நூல் அத்தனை சுருங்கினால் சாக்ஸின் அடி வரப்பாகத் திரண்டுவிடும். அந்த வரப்பின்மேல், எதுவும் உணராத ஒரு பாதம் நான்கு நாளாக மலையேறிக்கொண்டிருந்தது.

மாமியாரிடம் நூலைக் காட்டினேன். அதை வாங்கித் தன் சாணோடு வைத்து அளந்து பார்த்தார்.

"நான்தானே நனைக்காதேன்னேன்" என்றார். பிறகு, "காலம்பற முதல் வண்டிக்குப் போ. யார் கேட்டாலும் நான் பார்த்துக்கறேன்" என்றார்.

தனியாக நான் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. அந்தப் பயமெல்லாம் மற்ற பயத்துக்கு முன்னால் நிற்கவில்லை. வித்துராவில் இறங்கி இன்னொரு வண்டி பிடித்துக் கல்லாறு போய்ச் சேர்ந்தேன். ஆற்றங்கரைக் கொட்டகையில் என் கணவர் டைப் அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"எந்தா? அம்மாவுக்கு என்னமாவது...?"

"அம்மா சுகமா இருக்கா. சாயிப்பை ஷூவைக் கழட்டச் சொல்லுங்கோ. இப்பவே."

"உனக்கு என்ன, பைத்தியமா?"

"சாக்ஸ் சுருங்கிருக்கும். சொல்லுங்கோன்னா!"

துரை காட்டிலிருந்து அப்போதுதான் வந்து ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். துரை சிரித்தார். வலியே இல்லை, ஒன்றும் இருக்காது என்றார். வலியில்லை என்ற அந்தச் சொல்லில்தான் எனக்கு உயிர் பாதி போயிற்று.

ஆனாலும் கழற்றினார். இடது சாக்ஸின் அடி சிவப்பாக நனைந்திருந்தது. பெருவிரலுக்குக் கீழே, நான் முடைந்த சதுரம் அச்சாகப் பதிந்து, நடுவில் புளியங்கொட்டை அளவு கொப்புளம் உடைந்து கிடந்தது. துரை குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

அந்தக் கால் பிழைத்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, மண்ணை மிதிக்காமல் இருந்து பிழைத்தது. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் நின்ற எனக்கு அது தெரியாது.

"என் தப்புன்னு சொல்லுங்கோ. நூலை நனைக்காம இழுத்துத் தைச்சேன்னு சொல்லுங்கோ" என்றேன்.

என் கணவர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். துரை முகம் மலர்ந்து, என்னைப் பார்த்துக் கைகூப்பி நன்றி சொன்னார். என் கணவர் எதைச் சொல்லியிருப்பார் என்று புரிய எனக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. என் தப்பை மறைத்து, இவ்வளவு தூரம் வந்து எச்சரித்தவளாக மட்டும் என்னை ஆக்கியிருந்தார். அவருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கும்பிடு என்மேல் தணல்போல் விழுந்தது.

சாக்ஸைக் கையில் எடுத்து வரப்பைக் காட்டினேன். "மை மிஸ்டேக். மை நீடில்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அழுகை வேறு வந்துவிட்டது.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். துரை சாக்ஸை வாங்கி, உள்ளே கையை விட்டு அந்த வரப்பை விரலால் தடவிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏசப்போகிறார் என்று நின்றேன்.

அவர் மற்ற ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். பிறகு, தன்னால் உணர முடியாத வலது காலை, பார்த்துச் சொல் என்பதுபோல் என் பக்கம் நீட்டினார்.