பன்னிரண்டும் பதிமூன்றும்

ஜெபமணியின் போன் மாதத்துக்கு இரண்டு முறை அடித்தால் அதிகம். அடிப்பவன் காசிம், சிஞ்ச்வட் போல்ட் பட்டறையின் சூப்பர்வைசர்.

"அண்ணே, கவுண்டர் மறுபடி பந்த், நின்னுபோச்சு. ஜல்தி வாங்க."

போல்ட்களை எண்ணும் அந்தக் கவுண்டர், ஓய்வுபெறுவதற்கு முன் ஜெபமணி செய்தது. பூஜ்யம், ஒன்று என இரண்டே நிலைகள் கொண்ட நான்கு ஃபிளிப்-ஃபிளாப்கள், எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்த ஒரே கிளாக். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒன்று ஏறி, ஒன்பதுக்குப் பின் பூஜ்யத்துக்குத் திரும்பும். அப்போது பாக்கெட் மூடப்படும். நான்கு ஃபிளிப்-ஃபிளாப்களில் பதினைந்து வரை போகலாம் என்பதை அன்று அவர் அலட்சியமாக விட்டுவிட்டார். பக்கத்தில் வெல்டிங் நடந்தால், மின்சார இரைச்சலில் எட்டு பன்னிரண்டாக மாறிவிடும். பிறகு பன்னிரண்டு, பதிமூன்று, மறுபடி பன்னிரண்டு. வெளியே வர வழியே இல்லை.

ஜெபமணி போய் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரீசெட்டை அழுத்தினார். ஒரு நொடி வேலை. காசிம் சாயாவும் வடாபாவும் கொண்டுவந்து, அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்தான்.

"இதை ஒரேயடியா சரி பண்ண முடியாதாண்ணே?"

"பழைய சர்க்யூட்டுப்பா, அப்படித்தான் இருக்கும்!" என்று எரிந்து விழுந்தார்.

சர்க்யூட்டில் ஒரு லாஜிக் கேட்டின் ஒரே ஒரு வயரை மாற்றினால், பதிமூன்று தானாக நான்குக்குப் போய் வழக்கமான எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். மனைவி இறந்த வருடமே, ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து அவர் அதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டார்.

பெட்டியைப் பூட்டினார். வாசல் வரை வந்த காசிமிடம் கேட்டார்:

"அடுத்த வாரம் வெல்டிங் வேலை இருக்கா?"