விண்ணப்பத்தின் மூன்றாவது பத்தி

டிப்ளமோ முடித்த கையோடு நான் எழுதிய வேலை விண்ணப்பத்தில் நான்கு பத்திகள் இருந்தன. முதல் பத்தியில் நான் யார், இரண்டாவதில் என் மதிப்பெண், நான்காவதில் தாங்கள் மனம் வைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன் வகையறா. இந்த மூன்றிலும் யாரும் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவதில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஆப்டிகல் பைபர் ஒட்டும் டெக்னீஷியன் வேலை அது. முடி பருமனே உள்ள இரண்டு கண்ணாடி இழைகளை முனையோடு முனை சேர்த்து, மின்பொறியில் உருக்கி ஒன்றாக்க ஒரு மெஷின் உண்டு. எங்கள் பாலிடெக்னிக்கிலும் அது இருந்தது, பூட்டிய அலமாரிக்குள். கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு நாள் வெளியே எடுத்தார்கள். நாற்பது பேர் சுற்றி நின்றோம். எனக்குத் தெரிந்தது முன்னால் நின்றவனின் சட்டைக் காலர் மட்டும்தான். மெஷின் ‘பீப்’ என்றதைக் கேட்டேன், அவ்வளவுதான் என் அனுபவம்.

அக்காவின் கணவர், என் பாவா, திருத்தணியில் ஒரு கான்ட்ராக்டரிடம் கேபிள் இழுக்கும் ஆட்களில் ஒருவர். பள்ளம் தோண்டி, குழாய் புதைத்து, அதற்குள் கேபிளை இழுத்துவிடுவது அவர் வேலை. ஒட்டுகிற ஆள் ஒருவன் வேலையை விட்டு நின்றுவிட்டான் என்று தெரிந்ததும், சூப்பர்வைசரிடம் எனக்காகச் சொல்லி வைத்தார். இது கிடைக்காவிட்டால் சென்னையில் ஒரு துணிக்கடை எனக்காகக் காத்திருந்தது. விடிகாலை ரயிலில் போய், நாள் முழுக்கப் புடவையைப் பிரித்துக் காட்டி, மடித்து வைத்துவிட்டு, இருட்டியதும் திரும்ப வேண்டும். எங்கள் தெருவில் டிப்ளமோ முடித்த இரண்டு பெண்கள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும்.

எழுத உட்கார்ந்தபோது பாவா பக்கத்திலேயே இருந்தார்.

“சும்மா தெரியும்னு எழுதினா எவன் நம்புவான்? எப்டி செய்வன்னு ஒண்ணொண்ணா எழுதிப் போடும்மா. படிக்கறவன் அசந்துடணும்.”

சரி என்று ஒண்ணொண்ணாக எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘இருபதுக்கும் மேற்பட்ட ஜாயின்ட்களை நேரடியாகச் செய்துள்ளேன். முதலில் இழையின் மேல்பூச்சை உரிப்பேன். ஆல்கஹாலால் துடைப்பேன். முனையை நேராக வெட்டுவேன். மெஷினில் வைத்து ஒட்டுவேன். பிறகு ஸ்லீவ் போட்டுச் சூடாக்குவேன்.’ எல்லாம் தோழியின் நோட்டிலிருந்து எடுத்தது. ஸ்லீவ் என்பது ஒட்டிய இடத்தைக் காக்கிற சின்னக் குழாய். தாலுகா ஆபீஸ் பக்கத்து டிடிபி கடையில் அடித்து, கவரில் போட்டு, பாவா கையில் கொடுத்தனுப்பினேன்.

திங்கட்கிழமை நேரில் வரச் சொன்னார்கள். சனிக்கிழமைதான் போனில் அந்த வேலையின் வீடியோ ஒன்றைத் தேடிப் பார்க்கும் புத்தி வந்தது. வீடியோவில் இருந்த ஆள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்லீவை எடுத்து இழையில் மாட்டினான். பிறகுதான் உரித்தான், துடைத்தான், வெட்டினான். நிறுத்தி மறுபடி பார்த்தேன். இன்னும் நாலு வீடியோ பார்த்தேன். எல்லோரும் அப்படியே செய்தார்கள். ஒட்டிய பிறகு இழைக்கு முனையே கிடையாதே, குழாயை எந்த வழியாக மாட்டுவது? ஒரே ஒரு முறை கையால் செய்தவள்கூட என் பத்தியை எழுதியிருக்க மாட்டாள்.

பாவாவிடம் சொன்னேன்.

“அத்தெல்லாம் யார் படிக்கப் போறாங்க? போட்டோவப் பாப்பாங்க, மார்க்கப் பாப்பாங்க. நீ கம்முனு இரு” என்றார்.

நானும் அதையே நம்ப விரும்பினேன். ஞாயிறு முழுக்க, பாவா கொண்டுவந்த, வெட்டிப்போட்ட கேபிள் துண்டிலிருந்து இழைகளை உருவி, விரலில் பிடித்துப் பிடித்துப் பழகினேன்.

கான்ட்ராக்டர் ஆபீஸ் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேலே. கீழே கேபிள் டிரம்கள், மேலே ஏசி போட்ட சின்ன அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும், தூசி ஆகாது. கூட வந்த பாவா, அறை வாசலோடு நின்றுகொண்டார். சூப்பர்வைசருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. என் விண்ணப்பம் அவர் மேஜையில் விரித்துக் கிடந்தது. மூன்றாவது பத்தியின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார்.

அந்தக் கோட்டிலிருந்து என் கண் நகரவில்லை.

“இருவது ஜாயின்ட் பண்ணியிருக்கியா?”

“ஆங் சார்.”

“எங்க?”

“காலேஜ்ல சார்.”

அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஓரத்து மேஜையைக் காட்டினார். மெஷின் திறந்திருந்தது. பக்கத்தில் உரிக்கும் ஸ்ட்ரிப்பர், வெட்டும் கிளீவர், ஆல்கஹால் பாட்டில், துடைக்கும் தாள், ஒரு பாக்கெட் ஸ்லீவ். ஒட்ட வேண்டிய இழைகளில் ஒன்றின் மறுமுனையில் பிளக் பொருத்தியிருந்தது. இன்னொன்று சன்னல் வழியாகக் கீழே டிரம்முக்குப் போனது. அந்த டிரம்மில் இரண்டு கிலோமீட்டர் கேபிள் சுற்றியிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு ஒட்டிக் காட்டு. லெட்டர்ல இருக்கறாப்பலயே செய். நான் படிச்சிகினே வர்றேன்” என்று காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பாக்கெட் என் இடது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து முதலில் மாட்டினால் வேலை சரி, விண்ணப்பம் பொய். மாட்டாவிட்டால் விண்ணப்பம் சரி, வேலை பாழ். அவர் கவனித்திருக்கிறாரா, சும்மா கோடு போட்டாரா என்றும் தெரியவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தேன். பாவா தலையை ஆட்டி ‘செய், செய்’ என்றார்.

“உரிக்கறது” என்று படித்தார் சூப்பர்வைசர்.

நான் ஸ்ட்ரிப்பரை எடுத்தேன். இன்றைக்கும் அந்த நொடியை நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றும். தப்பு என்று தெரிந்தே செய்தேன். ஒரு காகிதத்தில் எழுதிவிட்டேன் என்பதற்காகச் செய்தேன்.

“துடைக்கறது.”

துடைத்தேன். சுத்தமானதும் இழை தாளுக்குள் கீச்சென்றது.

“வெட்டறது.”

கிளீவரில் வைத்து மூடினேன். விழுந்த துணுக்கைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது இழைக்கும் அதே மூன்றையும் செய்தேன். இரண்டு முனைகளையும் மெஷினில் எதிரெதிராக வைத்து மூடியைச் சாத்தினேன். திரையில் இரண்டும் தூண் மாதிரி பெரிதாகத் தெரிந்தன. தானாக நகர்ந்து நேராகின. ஒரு வெளிச்சம், ஒரு ‘பீப்’. திரையில் இழப்பு 0.01 என்று விழுந்தது.

இழப்பு என்றால் அந்த ஒட்டில் எவ்வளவு வெளிச்சம் வீணாகிறது என்ற கணக்கு. 0.01 என்றால் அனுபவசாலிகளே சந்தோஷப்படுவார்கள். என் முதல் ஒட்டு. ஒரு நொடி எல்லாவற்றையும் மறந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டேன்.

“ஸ்லீவ் போட்டுச் சூடாக்கறது” என்று படித்தார் அவர். காகிதத்தை மேஜையில் வைத்தார். “போடு.”

பாக்கெட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் பிளக், ஸ்லீவுக்குள் நுழையாது. இன்னொரு பக்கம் இரண்டு கிலோமீட்டர்.

வாசலிலிருந்து பாவா குரல் கொடுத்தார். “அதுக்கின்னா சார், டேப் சுத்திடலாம் சார்.”

எனக்கு அழிந்து போகலாம் போல இருந்தது. சூப்பர்வைசர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“யார் எழுதிக் குடுத்தது இந்த லெட்டர?”

“நான்தான் சார்” என்றார் பாவா உடனே. “அதுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் இப்டி எழுது அப்டி எழுதுன்னு சொன்னேன்.”

விட்டிருந்தால் பழி அவரோடு போயிருக்கும். கேபிள் இழுக்கிற ஆளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருப்பார்கள். அவரோ அங்கே வேலை செய்கிறவர், நாளைக்கும் இதே முகத்தில் விழிக்க வேண்டியவர். அதை யோசிக்காமல் பட்டென்று தலையைக் கொடுக்கிறாரே என்று அவர் மேல்தான் எனக்குக் கோபம் பொங்கியது.

“பொய் சார். நான்தான் எழுதினேன். இருவதெல்லாம் இல்ல, இதுதான் முதல். ஸ்லீவ் முன்னாடியே போடணும்னு சனிக்கிழமையே தெரியும். தெரிஞ்சும் லெட்டர் மாதிரியே செஞ்சேன்.”

“தெரிஞ்சும் ஏன்?”

“மாத்திச் செஞ்சா பொய்னு தெரிஞ்சிடும்னு.”

அவர் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். “இப்ப இதை இன்னா பண்றது?”

மூடியைத் திறந்தேன். ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒரு மடக்கு மடக்கினேன், சத்தமே இல்லாமல் முறிந்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்லீவை எடுத்து மாட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அவசரத்தில் வெட்டு கோணலாகி மெஷின் ஏற்கவில்லை. திரும்ப வெட்டினேன். இந்த முறை 0.04. ஸ்லீவை ஒட்டின் மேல் தள்ளிச் சூட்டில் வைத்தேன். அது சுருங்கி இழையை இறுக்கிப் பிடித்தது.

அவர் என் விண்ணப்பத்தை எடுத்து மூன்றாவது பத்தியைக் குறுக்கே அடித்தார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

“உனக்கு நெஜமா இன்னா தெரியுமோ அதை எழுது.”

எழுதினேன்: ‘இன்று இரண்டு ஜாயின்ட் செய்தேன். ஒன்றுக்கு ஸ்லீவ் போடாததால் முறித்தேன். இரண்டாவது 0.04.’

படித்துவிட்டுப் பைலில் போட்டார். “வியாழக்கிழமை பள்ளிப்பட்டு ரோட்ல வேலை. மூணு மாசம் ஹெல்பர். நான் சொல்லாம மெஷினத் தொடக் கூடாது.” பிறகுதான் வாசலைப் பார்த்தார். “உன் சிபாரிசு இதோட போதும். இனிமே யாரையும் கூட்டினு வராத.”

“ஆங் சார்” என்றார் பாவா.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் படியிறங்கும்போது எனக்குப் பாவா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். டிரம்களைத் தாண்டும்போதுதான் பேசினார்.

“முதல்ல வந்துச்சே, அந்த நம்பர் நல்ல நம்பரா?”

“ரொம்ப நல்லது பாவா.”

“அப்பறம் ஏன் ஒடச்ச?”

“மேல ஸ்லீவ் இல்லன்னா நிக்காது பாவா. கை பட்டாலே போயிடும்.”

அவர் நின்று, ஒரு டிரம்மில் தொங்கிய கேபிள் முனையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எட்டு வருசமா இழுத்துகினு இருக்கேன்” என்றார். “ரோட்ல ஒட்டறப்ப டென்ட் போட்டுப்பாங்க, அதாண்ட போனாலே தூசின்னு தொரத்துவாங்க. உள்ள இன்னா பண்றாங்கன்னு இன்னிக்குதான் பாத்தேன்.”